வேரிலிருந்து நுனிவரை: அழிந்த தலைமுடியை அடுக்கடுக்காக வரைவதில் கண்டவை

பழைய படத்தில் தலைமுடி கொஞ்சம் அழிந்திருந்தால், பக்கத்துப் பகுதியை நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப் கருவி போதும். இரண்டு கற்றை அகலத்தைத் தாண்டினால் அது கைவிட்டுவிடும். பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய முடியின் பளபளப்பு தலையின் வளைவோடு சேராது. ஒரே பிசிறு இரண்டு இடத்தில் தலைகாட்டி, ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும். அந்த அளவுக்கு மேல் வரைவதுதான் வழி. ஃபோட்டோஷாப், அழுத்தம் உணரும் பேனா டேப்லெட் இரண்டையும் வைத்து நெடுநாள் இந்த முறையில் வேலை செய்ததில் தேறியதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்வோம். நடுவகிடு எடுத்து இரு பக்கமும் காதை மூடிச் சீவிய முடி. படம் சட்டக் கண்ணாடியில் ஒட்டி உரிந்ததில், ஒரு பக்கம் வகிட்டிலிருந்து காதுவரை வெள்ளையாகிவிட்டது. ஸ்கேனில் உச்சந்தலையிலிருந்து தாடைவரை சுமார் 1200 பிக்சல். அப்படியானால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். ஒரு முடியின் தடிமன் 0.1 மில்லிமீட்டரைக்கூடப் பெரும்பாலும் தொடாது. ஆக, படத்தில் நாம் பார்ப்பது ஒற்றை முடியை அல்ல, சேர்ந்து படுத்த கற்றைகளை. இது பிடிபடாதவர்கள்தான் ஆயிரம் மெல்லிய கோடுகளைப் போட்டுவிட்டு, ஏன் கம்பிச்சுருள் மாதிரி இருக்கிறது என்று கேட்பார்கள்.

முதல் லேயரில் முடியே கிடையாது. வகிட்டில் தெரியும் தோல், அதன்மேல் முடியின் மொத்த உருவம், அவ்வளவுதான். மிருதுவான பெரிய பிரஷ் எடுத்து, மிஞ்சியிருக்கும் பக்கத்தின் நிழல் பகுதியிலிருந்து நிறத்தை எடுக்க வேண்டும். சுத்தக் கறுப்பு வேண்டாம். மங்கிய படத்தில் கறுப்பும் வெளுத்திருக்கும். அதில் புதுக் கறுப்பு வைத்தால் ஓட்டை போலத் தெரியும்.

அடுத்த லேயரில் 10 பிக்சல் பிரஷ்ஷால் கற்றைகளைப் பிரிக்கும் நிழல்கள். அதற்கு மேல் 2 முதல் 4 பிக்சலில் இழைகள். Shape Dynamics பகுதியில் Size Jitter-க்குக் கீழே உள்ள Control-ஐ Pen Pressure என்றும், Minimum Diameter-ஐ 0% என்றும் வைத்துவிடுங்கள். Smoothing 15% போதும். அதிகமானால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும். மவுஸில் அழுத்தம் கிடையாது என்பதால் கோடு முழுக்க ஒரே தடிமனாக, சேமியா போல வரும்.

ஒவ்வொரு கோடும் வகிட்டில் தொடங்கி, நடுவில் அழுந்தி, நுனியில் பேனாவைத் தூக்கும்போது தானாக மெலிய வேண்டும். நுனியிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் மெலிந்த முனை வகிட்டில் போய்ச் சேரும், கீழே துடைப்பக்கட்டை நிற்கும். கை வசதிக்காகத் திசையை மாற்றாதீர்கள். R அழுத்திப் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். வேர்கள் எல்லாம் ஒரே கோட்டில் தொடங்கினால் டோப்பா வைத்தது போலாகிவிடும். ஐந்தாறு பிக்சல் முன்னும் பின்னுமாகத் தொடங்குங்கள். இழைகளை இணையாகவும் போடக்கூடாது. வேரில் விலகியிருக்கும் மூன்று நான்கு இழைகள் நுனியில் ஒன்றுகூடினால்தான் கற்றை. இணையாகப் போட்டால் சீப்பால் கீறிய தடம்.

அதிகம் சறுக்குவது பளபளப்பில். அது வேரிலும் இருக்காது, நுனியிலும் இருக்காது. தலை வெளிச்சத்தை நோக்கி வளையும் இடத்தில் ஒரு பட்டையாக விழும். ஒவ்வொரு இழையிலும் தனித்தனியாக வெள்ளை வைக்காமல், தனி லேயரில் அந்தப் பட்டைக்குள் மட்டும் சில இழைகளை வெளுப்பாக்கினால் போதும். மிஞ்சிய பக்கத்தை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டும் குறுக்குவழி, வெளிச்சம் நேர் முன்னிருந்து விழுந்த படத்தில் மட்டுமே எடுபடும். பக்கவாட்டு வெளிச்சமென்றால் பட்டை இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்காது. மூக்கின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

வெளி விளிம்பில் 1 பிக்சலில் ஏழெட்டுப் பிசிறுகள் வேண்டும், இல்லாவிட்டால் ஹெல்மெட். ஆனால் பின்னணியைச் சரிசெய்து முடித்த பிறகே அவற்றைப் போடுங்கள்.

வரைந்த முடி எப்போதும் படத்தைவிடக் கூர்மையாக இருக்கும். Gaussian Blur 0.5 முதல் 1 பிக்சலுக்குள் வைத்து, பக்கத்து அசல் முடியோடு ஒப்பிட்டு நிறுத்த வேண்டும். அதன்பின் 50% சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை Overlay-இல் வைத்து, Add Noise-இல் Monochromatic தேர்ந்தெடுத்து, அசல் படத்தில் இருப்பது போன்ற மணித்துகள் சேர்த்தால் ஒட்டு மறையும். சோதிக்க 25% அளவுக்குச் சுருக்கி, படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கண் முதலில் வரைந்த பக்கத்துக்கே போனால், பெரும்பாலும் காரணம் இழைகள் அல்ல, அடித்தள நிறம் ஒரு படி கருத்திருப்பதுதான்.

நெருங்கிய சுருட்டை முடிக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. ஒவ்வொரு சுருளுக்கும் தனி நிழலும் தனிப் பளபளப்பும் உண்டு. சுருள் சுருளாகத்தான் கட்ட வேண்டும், நேரமும் பல மடங்கு ஆகும்.