64 கேபிபிஎஸ்ஸில் செய்தி படிக்க: ஃபயர்பாக்ஸும் யூபிளாக்கும்

தினம் 1.5 ஜிபி பேக் போடுகிறவர்களுக்குத் தெரியும், டேட்டா தீர்ந்ததும் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது நொடிக்கு 8 கேபி. செய்தித் தளத்தில் 2 எம்பி பக்கம் ஒன்றைத் திறந்தால் முழுதாக வர நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்துக்கென்றே ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்பாக்ஸ் போட்டு, அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆன் சேர்த்து, ரொம்ப நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரத்தைத் தடுப்பது வேறு, மறைப்பது வேறு. யூபிளாக் விளம்பர சர்வருக்குப் போகும் அழைப்பையே நிறுத்திவிடுவதால் அந்த டேட்டா போனுக்கு வருவதே இல்லை. வந்து இறங்கிய பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதில் ஒரு கேபிகூட மிச்சமாகாது.

ஆனால் விளம்பரத்தை நிறுத்தினாலும் தளத்தின் சொந்தப் படங்கள் வரத்தான் செய்யும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். யூபிளாக் அமைப்புகளில் `Block media elements larger than` என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து 50 கேபி வைத்திருக்கிறேன். பெரிய படம் இருக்கும் இடத்தில் வெறும் கட்டம் தெரியும். வேண்டுமென்றால் தொட்டு, அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு மழைச் செய்தியில் எழுத்து சட்டென்று வந்துவிட்டது, வரைபடத்தை மட்டும் தொட்டு வரவழைத்தேன். 400 கேபி படம் என்றால் அதற்கே 50 நொடி.

`Block remote fonts` என்பதையும் ஆன் செய்யலாம். போனிலேயே தமிழ் எழுத்துரு இருப்பதால் யூனிகோட் தளங்களைப் படிப்பதில் சிக்கல் இல்லை. மெனு, தேடல் ஐகான்கள் மட்டும் சில தளங்களில் கட்டம் கட்டமாகிவிடும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவை நம்பியிருக்கும் தளமென்றால் எல்லாம் கிறுக்கலாகத்தான் வரும். அந்தத் தளத்துக்கு மட்டும் இதை ஆஃப் செய்துவிட்டால் போதும்.

ஓபரா மினி பிரவுசரின் `Extreme` முறை இதைவிடச் சிக்கனம். பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி அனுப்பும். பழைய ஆட்கள் `opera:config` அடித்துத் தமிழை பிட்மேப்பாக, அதாவது படமாக, வரவைத்துப் படித்தது இதில்தான். ஆனால் உங்கள் பக்கம் நடுவில் இன்னொரு சர்வரில் பிரித்துப் படிக்கப்படுகிறது, ஆகவே பேங்க் வேலைக்கு அது ஆகாது. படிவம் நிரப்பும் தளங்களும் பாதியில் நின்றுபோகலாம். டேட்டாவை மிச்சப்படுத்தக் குரோமில் இருந்த லைட் மோடை 2022-லேயே எடுத்துவிட்டார்கள்.

யூபிளாக்கின் வரம்பும் ஒன்று உண்டு: மற்ற ஆப்களுக்குள் வரும் விளம்பரத்தை அது தொடாது. அதோடு, எதைத் தடுப்பது என்று அது பார்க்கும் பட்டியல்களும் டேட்டா எடுத்துத்தான் புதுப்பித்துக்கொள்ளும். நான் தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டு, வைஃபை கிடைக்கும்போது கையால் புதுப்பித்துக்கொள்கிறேன்.