ஒரே ரிப்போர்ட்டை நம்பி ஊசியா, 12 வாரம் பொறுத்து மறுபரிசோதனையா?

போன வருடம் 11வது வாரத்தில் என் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுபோனது. அதற்கு முன் 7வது வாரத்தில் ஒன்று கலைந்திருந்தது. ரத்தம் தேவையில்லாமல் உறைந்து கருவும் கலையக்கூடிய ஆன்டி பாஸ்போலிபிட் சிண்ட்ரோம், அதாவது ஏபிஎஸ் இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். இந்த நோய்க்காகப் பார்க்கும் மூன்று எதிர்ப்புப் புரதங்களில் ஒன்றான ஆன்டி கார்டியோலிபின் ஐஜிஎம் 24 யூனிட் வந்தது. லேப் அதைப் 'பாசிட்டிவ்' என்று அச்சிட்டிருந்தது. மற்ற இரண்டும், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டும் பீட்டா 2 கிளைகோபுரோட்டீனும், நெகட்டிவ்.

முதல் மருத்துவர் அடுத்த கர்ப்பத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியைத் தினமும் போட வேண்டும் என்றார். இரண்டாமவர் 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார். நான் இரண்டாமவர் பக்கம்தான்.

ஊசியைக் குறை சொல்லவில்லை. நோய் உறுதியானவர்களுக்கு அது குழந்தையைக் காப்பாற்றும். 1997இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஹெப்பாரினும் சேர்த்தவர்களில் 71 சதவீதம். வயிற்றில் போடும் ஊசி, நீலம் பாய்வது, செலவு, இவையெல்லாம் தாங்கக்கூடியவை.

என்னை முடிவெடுக்க வைத்தது மறுபரிசோதனைதான். காய்ச்சலோ வேறு தொற்றோ வந்தால் இந்த எதிர்ப்புப் புரதங்கள் கொஞ்ச நாள் தலைகாட்டி மறைந்துவிடும். அதனால்தான் குறைந்தது 12 வார இடைவெளியில் இரண்டு முறை பாசிட்டிவ் வந்தால்தான் ஏபிஎஸ் என்கிறார்கள். கார்டியோலிபின் அளவும் 40 யூனிட்டைத் தாண்ட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. என் 24 அதற்குக் கீழே. லேப் ரிப்போர்ட்டின் 'பாசிட்டிவ்' வேறு, நோய்க்கான வரம்பு வேறு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ரத்தம் எடுப்பதற்கு மூன்று வாரம் முன்புதான் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஊசியை ஆரம்பித்துவிட்டால் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவை நம்புவது கடினம். ஹெப்பாரினே ரத்தம் உறையும் நேரத்தை மாற்றிவிடும், கர்ப்பமும் முடிவைக் குழப்பும். ஆக, உறுதி செய்யாமல் ஊசியில் இறங்கினால், பிறகு உறுதி செய்யும் வழியே மங்கிவிடுகிறது. ஏபிஎஸ் என்ற பெயர் மட்டும் ஃபைலில் தங்கிவிடும். அடுத்த பிரசவம், அறுவை சிகிச்சை, கருத்தடை மாத்திரை என்று எங்கு போனாலும் அது கூடவே வரும்.

முதல் பரிசோதனைக்குப் பின் 13வது வாரம் திரும்பப் பார்த்தபோது எனக்கு 8 யூனிட்தான் வந்தது, மற்ற இரண்டும் மீண்டும் நெகட்டிவ். ஊசி வேண்டாம் என்று முடிவானது. இப்போது ஏழாம் மாதம். ஆனால் இது ஊசி தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது, நான் ஒருத்திதானே.

இரண்டு முறையும் பாசிட்டிவ் வந்திருந்தால், கர்ப்பம் தங்கியதுமே ஆஸ்பிரினோடு ஊசியையும் தொடங்கி, பிரசவத்துக்குப் பின் 6 வாரமும் மருத்துவர் சொன்னபடி போட்டிருப்பேன். முதல் ரிப்போர்ட் வரும்போதே கர்ப்பமாக இருந்தால்? அங்கே 12 வாரம் பொறுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஊசியைத் தொடங்கி, பிரசவத்துக்குப் பிறகு மறுபரிசோதனை செய்வதும் உண்டு என்றார் என் மருத்துவர். அதை நான் கடந்து பார்த்ததில்லை.