வீடு மாறினால் கேஸ் கனெக்‌ஷன்: மாற்றலா, சரண்டரா?

போன ஆண்டு வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு வீடு மாறினோம். பழைய கேஸ் ஏஜென்சியில் போய்ச் சொன்னதும், கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சிலிண்டரைச் சரண்டர் பண்ணிட்டு அங்க போய் எடுத்துக்குங்க" என்றார். அன்று தலையாட்டியிருந்தால் எனக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் போயிருக்கும்.

புது வீடும் பழைய ஏஜென்சியின் எல்லைக்குள்ளேயே இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. முகவரிச் சான்றைக் கொடுத்து விலாசத்தை மாற்றிக்கொள்ளலாம். எல்லை தாண்டினால்தான் இரண்டு வழிகள். ஒன்று, கனெக்‌ஷனை அப்படியே வேறு ஏஜென்சிக்கு மாற்றுவது. இன்னொன்று, சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, புது இடத்தில் மறுபடி கட்டுவது.

நான் மாற்றல் பக்கம்தான், காரணம் டெபாசிட். சரண்டர் செய்யும்போது திரும்பி வருவது அன்று நீங்கள் கட்டிய தொகை, அதாவது உங்கள் எஸ்.வி. என்கிற சந்தா ரசீதில் எழுதியிருக்கும் தொகை. புது இடத்தில் கட்டுவதோ இன்றைய தொகை. என் எஸ்.வி.யில் 14.2 கிலோ சிலிண்டருக்கு 1,450 ரூபாய், ரெகுலேட்டருக்கு 150. இரண்டு சிலிண்டர் என்பதால் மொத்தம் 3,050. 2022 ஜூனில் சிலிண்டர் டெபாசிட்டை 2,200 ஆகவும் ரெகுலேட்டருக்கு 250 ஆகவும் உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் மறுபடி கட்ட 4,650. வித்தியாசம் 1,600. அம்மா காலத்து கனெக்‌ஷன் என்றால் எஸ்.வி.யில் சில நூறு ரூபாய்தான் இருக்கும், அப்போது இந்தப் பள்ளம் இன்னும் பெரிது.

ஒரே ஊருக்குள், அதே கம்பெனியின் இன்னொரு ஏஜென்சிக்குப் போகிறவர் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பழைய ஏஜென்சி இ-சி.டி.ஏ. என்ற மாற்றல் ஆவணத்தைக் கணினியில் போட்டுக்கொடுக்கும். அதை வைத்துப் புது ஏஜென்சி உங்களைப் பதிவு செய்துகொள்ளும். சிலிண்டர்கள் சாமான் வண்டியிலேயே உங்களோடு வந்துவிடும். "இ-சி.டி.ஏ. போடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்டதும் அந்தக் கவுன்டர்காரர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொடுத்தார்.

சரண்டருக்கும் இடம் உண்டு. வேறு ஊருக்குப் போனால் அதுதான் முறை. சிலிண்டர், ரெகுலேட்டர், எஸ்.வி. மூன்றையும் கொடுத்தால் டெபாசிட்டும் டி.வி. என்கிற முடிப்பு ரசீதும் தருவார்கள். அந்த டி.வி.யைக் காட்டிப் புது ஊரில் கனெக்‌ஷன் வாங்க வேண்டும். கம்பெனியே மாற நினைத்தாலும் இதே வழிதான். கேஸைத் தீர்த்துவிட்டு ஒப்படைப்பது நல்லது. அடுப்பும் டியூபும் உங்களுடையவை, கொடுக்காதீர்கள். நான் மாறியது ஒரே ஊருக்குள் என்பதால், இந்த வழியைப் பற்றி மதுரைக்குப் போன என் தம்பி சொன்னதை வைத்தே எழுதுகிறேன்.

அப்புறம், சான்று. என்னை அலைய விட்டது இதுதான். அடையாளத்துக்கு ஆதார் போதும், ஆனால் அதில் பழைய விலாசம். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். ரேஷன் கார்டையும் இன்னும் மாற்றவில்லை. வாடகைக்குப் போகிற எல்லோருக்கும் இதே நிலைதான். என்னைக் காப்பாற்றியது வாடகை ஒப்பந்தம். தனியாகக் கொடுத்தபோது தயங்கினார்கள். வீட்டுக்காரரின் அண்மைக் கரண்ட் பில் நகலையும் சேர்த்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டிலும் கதவு எண் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். என் ஒப்பந்தத்தில் பழைய எண், பில்லில் புதிய எண். அதற்காகவே ஒரு நடை கூடுதலாக ஆனது. சொந்த வீடு என்றால் பத்திர நகலோ வீட்டு வரி ரசீதோ கையில் இருக்கும், பாதி வேலை முடிந்தது. எஸ்.வி. தொலைந்திருந்தால் உறுதிமொழிக் கடிதம் கேட்பார்கள், அதனால் சாமான் கட்டும் முன்பே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் பலர் செய்வதுண்டு: எதையும் மாற்றாமல், பழைய விலாசத்துக்கே புக் செய்து, டெலிவரி பையனிடம் பேசி எடுத்து வருவது. ஒரு மாதம் நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் விபத்து நேர்ந்தால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் பொருள் சேதத்துக்கான பகுதி, பதிவான விலாசத்தில் நடந்ததற்குத்தான் பொருந்தும். அது தெரிந்த மறுநாளே புது ஏஜென்சி கவுன்டரில் போய் நின்றேன்.