பிளிந்த் பெல்ட் போட்டேன் என்று சொல்லி என்னை ஏமாற்றிய கதை (கருங்கல் கடைக்காலில் வீடு கட்டுபவர்கள் படித்துவிடுங்கள்)

காவேரிப்பட்டணம் பக்கத்தில் வீடு கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. பில்லர் கிடையாது, சுவரே பாரம் தாங்கும் வீடு. கீழே கருங்கல் கடைக்கால், மேலே செங்கல் சுவர், அதன்மேல் தளம். நம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் பாதிப் பேர் இப்படித்தான் கட்டுகிறோம். ஒப்பந்ததாரர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

மனை கிழக்கே சரிவு. வானம் தோண்டும்போது மேற்குப் பக்கம் இரண்டு அடியிலேயே மொரம்பு வந்துவிட்டது, கடப்பாரை போட்டால் தீப்பொறி பறந்தது. கிழக்கே நாலு அடி போயும் செம்மண்தான். ஒரே வீட்டின் ஒரு பாதி கெட்டியிலும் மறு பாதி இளகலிலும் உட்காரப் போகிறது என்பது அன்றே கண்ணுக்குத் தெரிந்தது. கடைக்காலுக்கு மேலே, சுவருக்கு அடியில் வீட்டைச் சுற்றிக் கம்பி வைத்துப் போடும் கான்கிரீட் பட்டைதான் பிளிந்த் பெல்ட். அதைப் பற்றிக் கேட்டதற்கு ஒப்பந்ததாரர், "இது பாறை மண்ணு சார், பெல்ட்டெல்லாம் வீண் செலவு" என்றார். மனை முழுக்க ஒரே சீரான பாறையாக இருந்தால் அவர் சொன்னது சரி. நிலநடுக்கத்துக்கான கட்டுமான விதியான ஐ.எஸ். 4326 கூட, கல் கடைக்கால் இருந்து மண் இளகலாகவோ இடத்துக்கு இடம் மாறியோ இருந்தால்தான் பிளிந்த் மட்டத்தில் பெல்ட் போடச் சொல்கிறது. எங்கள் மனை அப்படியே அந்த ரகம். பிடிவாதம் பிடித்து ஒப்பந்தத்தில் எழுத வைத்தேன்: ஒன்பது அங்குல உயரம், ஒன்பது அங்குல அகலம், 12 எம்.எம். கம்பி நாலு, அவற்றைச் சுற்றிக் கட்ட ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங்.

அப்புறம் செய்த தப்பு என்னுடையது. எனக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். கான்கிரீட் ஒரு வியாழக்கிழமை போட்டார்கள். அப்பா பக்கத்தில் இருந்தார். "கம்பி போட்டாங்கப்பா, நானே பார்த்தேன்" என்று போனில் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை, கம்பி போட்டிருந்தார்கள்தான்.

அடுத்த ஐப்பசி மழையில் தென்கிழக்கு மூலையில், சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் கீறல் விழுந்தது. பூச்சு வெடிப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் பூச்சு வெடிப்பு சிலந்தி வலை மாதிரி நாலா பக்கமும் கிளைத்து ஓடும். இது செங்கல் இணைப்புகளைப் பிடித்து, படிக்கட்டு ஏறுவதுபோல் சாய்வாகப் போனது. கீழே மயிரிழை, மேலே போகப் போக அகலம். அப்பா கீறல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். இரண்டு வாரத்தில் கீறல் கோட்டைத் தாண்டிவிட்டது. பின்கதவு சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தது. அந்த மூலை கீழே இறங்குகிறது என்பதில் அதற்குப் பிறகு சந்தேகமே இல்லை.

தெரிந்த இன்ஜினியர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் கீறலை அதிகம் பார்க்கவில்லை. நேராக வெளிச்சுவரின் அடியில் பெல்ட் மட்டத்தில் பூச்சைக் கொத்தச் சொன்னார். உள்ளே கான்கிரீட் ஐந்து அங்குல உயரம்தான் இருந்தது. 10 எம்.எம். கம்பி இரண்டு, இரண்டுமே அடியில், கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கூட வைக்காமல் கருங்கல்லை ஒட்டிக் கிடந்தன. ரிங் ஏதோ பெயருக்கு அங்கொன்று இங்கொன்று. மூலைக்குப் போனால் அதைவிட மோசம். தெற்குச் சுவரின் கம்பி வந்து நின்றுவிட்டது, கிழக்குச் சுவரின் கம்பி தனியாக ஆரம்பித்தது. ஒன்றுக்கொன்று உறவே இல்லை.

அன்றைக்கு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவின் விஷயம். மாங்காய்ப் பெட்டியைச் சுற்றி இறுக்குகிற பட்டை மாதிரிதான் பிளிந்த் பெல்ட். கடைக்காலும் சுவரும் சந்திக்கும் இடத்தில் எல்லாச் சுவர்களையும், உள் சுவர்கள் உட்பட, ஒரே வளையமாகக் கட்டுகிறது. மண் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தால் அந்தப் பாரத்தைப் பக்கத்துக் கெட்டி மண்ணுக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கும். சுவரைத் தனித்தனியாகப் பிரிய விடாது. செங்கல் சுவருக்கு அழுத்தம் எவ்வளவு வந்தாலும் பெரும்பாலும் தாங்கும், இழுத்தால்தான் தாங்காது. அந்த இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டை மூலையில் அறுந்திருந்தால் பெட்டி பிரியத்தான் செய்யும். அதனால் ஒரு சுவரின் கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் இரண்டு அடியாவது போய், அந்தச் சுவரின் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். உள் சுவர் வந்து முட்டும் இடத்திலும் இதே கதைதான்.

மேலே இரண்டு கம்பி எதற்கு என்று நான் கேட்டேன். சுவரின் நடுப்பகுதி இறங்கினால் பெல்ட் தொட்டில்போல் தொய்யும், அப்போது இழுப்பு அடிப்பக்கம் வரும். மூலை இறங்கினால் பெல்ட் அங்கே கீழ்நோக்கி வளைந்து தொங்கும், அப்போது இழுப்பு மேல்பக்கம். மண் எந்த இடத்தில் இறங்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, ஆகவே மேலும் கீழும் கம்பி வேண்டும். எங்கள் வீட்டில் இறங்கியது மூலை. இருந்த இரண்டு கம்பியும் அடியில். அதாவது அந்த வேலைக்குக் கம்பியே இல்லாத மாதிரி.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கும் போட்டுக் காட்டினார். எல்லாச் சுவரும் சேர்த்து 174 அடி. எழுதியபடி செய்திருந்தால் ரிங்கோடு சேர்த்து 310 கிலோ கம்பி போயிருக்கும். போட்டது 70 கிலோ தேறும். மிச்சம் 240 கிலோ. அன்று நான் கொடுத்த விலை கிலோ 65 ரூபாய், ஆக பதினைந்தாயிரத்துச் சொச்சம். இதற்காகத்தான் இவ்வளவும். கம்பி பில்லைத் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தாலே மாட்டியிருப்பார்.

ஒப்பந்ததாரரிடம் கேட்டால், "மண்ணு இறங்குனா நான் என்ன சார் பண்றது?" என்கிறார். ஒரு விதத்தில் அதிலும் உண்மை உண்டு. பெல்ட் மண்ணைக் கெட்டியாக்காது. கடைக்கால் ஆழம் போதாமல், அல்லது மூடிய கிணற்றின் மேல் கட்டியிருந்தால் எந்தப் பெல்ட்டும் காப்பாற்றாது. ஆனால் எங்களுடையது சில எம்.எம். இறக்கம். நல்ல பெல்ட் இருந்திருந்தால் இவ்வளவு கீறல் வந்திருக்காது என்றுதான் இன்ஜினியரும் சொன்னார்.

சுவர் எழும்பிய பிறகு பெல்ட்டை உள்ளே நுழைக்க முடியாது. அந்த மூலையில் கூரைத் தண்ணீர் விழுந்து தேங்கியதை முதலில் வாய்க்கால் வெட்டித் திருப்பினோம். பிறகு கடைக்காலுக்கு அடியில் மூன்று அடி மூன்று அடியாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டிக் கான்கிரீட் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் தோண்டினால் சுவரே உட்கார்ந்துவிடும். கீறலுக்குக் குறுக்கே இணைப்புகளில் கம்பி வைத்துத் தைத்தார்கள். 1,40,000 ரூபாய் ஆயிற்று. ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது, பென்சில் கோடு தாண்டவில்லை.

போன ஞாயிறு ஊருக்குள் வரும்போது அதே ஆளின் சைட் ஒன்றைப் பார்த்தேன். பெல்ட்டுக்குப் பலகை அடித்து, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட்டுக்குத் தயாராக இருந்தது. வண்டியை நிறுத்தி மூலையை எட்டிப் பார்த்தேன். கம்பி வளையவில்லை, நேராக வந்து நிற்கிறது. வீட்டுக்காரர் அங்கேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன், போட்டோவும் எடுத்துக் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் இன்ஜினியர் வந்து பார்க்காமல் ஒரு சட்டி கலவைகூட விழக்கூடாது என்று எனக்கு முன்னாலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார்.