புளிக்காய்ச்சல் பாட்டிலும் வெடிக்காத கடுகும்: வெளியில் செய்யக் கொடுத்த அனுபவம்

உட்லண்ட்ஸில் வீட்டிலிருந்தே தக்காளித் தொக்கு விற்கும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். "அக்கா, கடைகளுக்குப் போடணும்னா வீட்டுல செஞ்சதைக் கொடுக்க முடியாது. சின்னதா ஒரு யூனிட் எடுத்து நானே செய்யட்டுமா, இல்ல உங்கள மாதிரி ஃபேக்டரியில குடுத்துடட்டுமா?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் புளிக்காய்ச்சலைச் சில வருடங்களாக வடக்கே ஒரு தொழிற்பேட்டையில் உள்ள தொழிற்சாலை செய்து தருகிறது. பெயர் வேண்டாம். அவர்களுடைய முக்கிய வேலை சம்பாலும் சாத்தே குழம்பும். சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் அவர்களிடம் இருக்கிறது. சமையல் குறிப்பும் மூலப்பொருளும் என்னுடையவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் விட்டுப்போகும். பாதுகாப்பு விஷயத்தில் இவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. புளிக்காய்ச்சலுக்கு மேலே எண்ணெய் நிற்கும். அதற்கடியில் காற்று கிடையாது. அந்த இடத்தில் அமிலம் குறைந்தால் உணவை விஷமாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர வழி இருக்கிறது. அதனால், அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டும். புளி இருக்கும்போது என்ன கவலை என்று நினைப்போம். விழுது 3.5 காட்டும், சரி. ஆனால் உள்ளே கிடக்கும் கடலைப் பருப்புக்கும் வேர்க்கடலைக்கும் புளிப்பு ஊற நேரம் எடுக்கும். எனவே இவர்கள் ஒருநாள் கழித்துப் பாட்டிலைத் திறந்து, எண்ணெயை வடித்து, பருப்போடு சேர்த்து அரைத்து அளக்கிறார்கள். எண்ணெய் ஒட்டினால் மீட்டரின் முனை தப்பாகக் காட்டும் என்பதே இவர்களிடம் நான் கற்றதுதான். 85 டிகிரிக்குக் குறையாத சூட்டில் நிரப்பி, மூடி, கவிழ்த்து வைக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரு பாட்டில்கூட உப்பித் திரும்பி வந்ததில்லை. இதைத் தனியாளாக நான் செய்திருப்பேனா என்றால், தூக்கம் போயிருக்கும்.

இனி கடுகு.

இவர்களிடம் இருப்பது நீராவிச் சுவர் வைத்த 200 லிட்டர் கெட்டில். இரட்டைச் சுவருக்கு நடுவே நீராவி ஓடும். 3 பார் அழுத்தத்தில் அந்த நீராவியே 143 டிகிரி பக்கம்தான் இருக்கும். உள்ளே ஊற்றிய நல்லெண்ணெய் அதைத் தாண்டிச் சூடாக வழியே இல்லை. பெரும்பாலும் 130-இல் நின்றுவிடும். கடுகு படபடவென்று வெடிக்க எண்ணெய் 170, 180 டிகிரியாவது வர வேண்டும். ஆக, நீராவிக் கெட்டிலில் எவ்வளவு நேரம் வைத்தாலும் தாளிப்பு நடக்காது. கடுகு எண்ணெயில் சும்மா ஊறும். வற்றல் மிளகாய் கருக்காமல் சிவப்பாகவே கிடக்கும். பருப்பு பொன்னிறமாகாமல், நாலு வாரம் கழித்துத் தோல் மாதிரி இழுபடும். சம்பாலுக்கு இந்தக் கெட்டில் அருமையான பாத்திரம், அடிப்பிடிக்காது. எங்கள் சாமானுக்கு அது பாதிச் சமையல்.

பாட்டிலைத் திறந்து கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் பரப்புங்கள். வெடித்த கடுகு தோல் பிளந்து சாம்பல் நிறமாக இருக்கும். வெடிக்காதது உருண்டையாகக் கறுப்பாக மின்னும், கடித்தால் கசந்து காறும். வாடிக்கையாளர்கள் இந்த விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார்கள். "இந்தத் தடவை வாசம் இல்லீங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. அவர்களிடமே கேஸில் எரியும், சாய்த்து ஊற்றும் பெரிய சட்டி ஒன்று உண்டு. 200 கிலோ கொதிப்புக்கு 30 கிலோ எண்ணெய். அதை இரண்டு தடவையாக அந்தச் சட்டியில் தாளித்து, கெட்டிலில் கொதிக்கும் புளியில் கொட்ட வேண்டும். அதற்குக் கூடுதலாக 180 வெள்ளி கேட்டார்கள், கொடுக்கிறேன். "எண்ணெய் 175 டிகிரி தொட்டதும் கடுகு, வெடித்து அடங்கியதும் பருப்பு, பருப்பு சிவந்ததும் மிளகாய், அடுப்பை அணைத்துப் பெருங்காயம்" என்று தயாரிப்புத் தாளில் வெப்பநிலையோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துக் கட்டமும் போட்டாயிற்று.

சட்டியருகே நின்ற சீன அங்கிள் இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. அவருக்குக் காது போதும், தெர்மாமீட்டர் வேண்டாம். அவர் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் அவசரத்தில் மறுபடி கெட்டிலிலேயே எல்லாவற்றையும் கொட்டினார். தாளில் 175 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். நீராவிக் கெட்டிலில் 175! போய்க் கேட்டால் மேலாளர் சிரித்தபடி, "பிஎச் பாஸ், எடை பாஸ்" என்கிறார். உண்மைதான், எல்லாம் பாஸ். ஒப்பந்தப்படி அது நல்ல சரக்கு, நான் காசு கட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கொதிப்புக்கும் நானே போய் நிற்கிறேன். முந்தின நாள் சம்பாலில் ஓடிய இறால் மிச்சமில்லாமல் கழுவியிருக்க வேண்டும் என்பதால் எங்கள் முறை எப்போதும் திங்கள் காலை முதல் வேலை.

அப்படியானால் சொந்தமாகப் போட்டுவிடலாமே என்றால், கணக்கைப் பாருங்கள். ஒரு கொதிப்பில் 200 கிராம் பாட்டில் சுமார் 950 தேறும். சமைத்து நிரப்பி மூடித் தர, பொருளும் பாட்டிலும் நீங்கலாக, ஒரு பாட்டிலுக்கு 1.60 வெள்ளி வாங்குகிறார்கள். மாதம் நாலாயிரம் பாட்டில் விற்றால் 6,400 வெள்ளி. சொந்த இடம் என்றால் 2,000 சதுர அடி, அடிக்கு 3 வெள்ளி என்று வைத்தால் வாடகையே 6,000. மூன்று பேர் சம்பளம், மத்திய சேமநிதி, வெளிநாட்டு ஊழியர் வரி எல்லாம் சேர்த்து 9,000. கேஸ், மின்சாரம், பூச்சி மருந்து, குப்பை 2,000. புகைபோக்கி, கிரீஸ் தொட்டி, தரை வடிகால், இயந்திரங்கள் என்று போடும் இரண்டரை லட்சத்தை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 4,000-க்கு மேல். மொத்தம் 21,000. அதை 1.60-ஆல் வகுத்தால் 13,000 பாட்டில். அதற்குக் கீழே விற்கும் வரை சொந்தத் தொழிற்சாலை நஷ்டம். அந்த 13,000-உம் 14 கொதிப்பில் முடிந்துவிடும். மாதத்தின் மிச்ச நாளெல்லாம் காலிச் சட்டிக்கு வாடகை. அந்த அளவு வரும்போது, செய்து கொடுக்கும் தொழிற்சாலைக்காரர்களும் 1.60-ஐ இறக்கத் தயாராக இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

தோழிக்கு என் பதில்: மாதம் பதிமூவாயிரம் பாட்டில் தாண்டும்வரை இடம் பார்க்காதே. முதல் சில கொதிப்புகளைச் செனோக்கோவில் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் பங்கெடுத்து நடத்தும் ஃபூட்பிளாண்ட் என்ற பொதுக்கூடத்தில் சின்ன அளவில் செய்து பார்க்கலாம். தொழிற்சாலை பிடிக்கப் போகும்போது விலையைக் கடைசியில் கேள். முதலில், எண்ணெய் எத்தனை டிகிரி வரை போகும், எந்தப் பாத்திரத்தில், அதன் முன்னால் நிற்பவர் யார் என்று கேள். உன் தொக்குக்கும் தாளிப்பு உண்டு.

மதிப்பெண் கேட்டால் பாதுகாப்புக்கு ஐந்து, விலைக்கு நாலு, வாசத்துக்கு ஒன்றரை. கணக்குப் பார்த்தால் இவர்களோடே இருப்பதுதான் சரி, அதைத்தான் அவளுக்கும் சொன்னேன். நான் நேற்று மண்டாய் பக்கம் ஒரு யூனிட்டுக்குப் போய், கேஸ் இணைப்பு எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.