ரூ.16,500 கட்டி அம்மாவை ஜெராக்ஸ் கடையில் உட்கார வைத்தேன்: கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறவர்கள் படியுங்கள்

முந்தாநாள் அம்மாவுக்குக் குறுக்கு விசாரணை. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை செல்லூரில் தாத்தா வீடு. அம்மாவும் மாமாவும் இரண்டே வாரிசு. அம்மா தன் பாகத்தை 2009-லேயே எழுதிக் கொடுத்துவிட்டதாக மாமாவிடம் ஒரு விடுதலைப் பத்திரம் இருக்கிறது. பேங்க் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று சொல்லி ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கூட்டிப்போனார்கள் என்பது அம்மா தரப்பு. 2021 மார்ச்சில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அந்த ஆகஸ்டில் வக்கீல் நோட்டீஸ், 2022-ல் வழக்கு. பத்திரம் செல்லாது, பாதிப் பாகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அம்மாதான் வாதி, அம்மாதான் முதல் சாட்சி.

முதல் விசாரணை என்பது இப்போது வாயால் சொல்வதில்லை. நிரூபண வாக்குமூலம் என்று டைப் அடித்துத் தாக்கல் செய்துவிடுகிறார்கள். அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டியது எதிர்த்தரப்பு வக்கீலின் கேள்விகளுக்குத்தான். எங்கள் வக்கீல் நல்லவர், ஆனால் எந்நேரமும் ஒத்தக்கடை ஹைகோர்ட்டில்தான் இருப்பார். "அம்மாவை ஒருநாள் உட்கார வைத்துப் பேசுங்க சார்" என்று மூன்று முறை கேட்டேன். "முந்தின நாள் சாயங்காலம் வாங்க, பார்த்துக்கலாம்" என்றார் குமாஸ்தா. அம்மாவுக்கு 67 வயது. முந்தின நாள் சாயங்காலம் சொன்னால் ஏறுமா?

அந்தப் பதற்றத்தில்தான் ஒரு ஆப்பைப் பார்த்தேன். பெயர் சொல்லப்போவதில்லை. மணிக்கணக்குக்கு வக்கீல் பிடித்துத் தரும் வகை, ஆட்டோ புக் செய்கிற மாதிரி. 'சாட்சி தயாரிப்பு, 3 சிட்டிங், தனி அறை, படிக்க வேண்டிய ஆவணப் பட்டியல் முன்கூட்டியே அனுப்பப்படும்.' ஒரு சிட்டிங் 5,500, மூன்றுக்கு 16,500, முழுப் பணமும் முன்பணம். எனக்கு மூன்று வாரச் சம்பளம். கட்டுவதற்கு முன் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார். அம்மா வயதைக் கேட்டார், சுகர் இருக்கிறதா என்று கேட்டார், "சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிருவோம் மேடம், அம்மாவ நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். போனைக் கீழே வைக்கும் முன்பே 16,500 போய்விட்டது.

ஆவணப் பட்டியல் வந்தது. ஆதார், பான், ரேஷன் கார்டு, பட்டா, இரண்டு போட்டோ. சாட்சி சொல்வதற்கு எதற்கு போட்டோ என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். எதையும் 'படியுங்கள்' என்று அதில் இல்லை, எல்லாம் 'அனுப்புங்கள்'தான். அனுப்பச் சொன்னதும் ஒரு வாட்ஸ்அப் குழுவில். அதில் என்னோடு சேர்த்து ஒன்பது நம்பர், எட்டு பேர் யாரென்றே தெரியாது. அம்மா தலையெழுத்து அத்தனையும் அதில் ஏற்றினேன்.

நேரம் மூன்று முறை மாறியது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, கோர்ட் பக்கம் வரச் சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து பெரியார் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போனோம். தனி அறை என்றார்களே, அது டைப்பிங்கும் ஜெராக்ஸும் போடும் ஒரு கடை. மிஷினுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, கதவு கிடையாது. வந்தவர் 'அசோசியேட்' என்றார். "வக்கீலா சார்?" என்று கேட்டேன். "நம்ம டீம்தாம்மா" என்றார். அதற்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது.

அம்மாவிடம் அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி, "நீங்க ஏன் படிக்காம கையெழுத்துப் போட்டீங்க?" என்பதுதான். அதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. 2009-ல் அப்பா எங்களை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் எங்கோ போயிருந்தார். நாங்கள் மாமா வீட்டில்தான் சாப்பிட்டோம், படுத்தோம். மாமா நீட்டிய பேப்பரில் அம்மா கையெழுத்துப் போடாமல் இருக்க முடியுமா? அம்மா மெதுவாக ஆரம்பித்தார். "அப்ப எங்க வீட்டுக்காரரு..." என்று சொல்லும்போது ஜாதிச் சான்றிதழ் காப்பி எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அதெல்லாம் எதுக்குங்க, அண்ணன்னு நம்பிப் போட்டேன்" என்று முடித்துவிட்டார். அந்த ஆள் அதை நோண்டவில்லை. "எது கேட்டாலும் தெரியாது, ஞாபகம் இல்லைன்னு சொல்லிருங்க. ஜட்ஜு வயசானவங்கன்னு விட்டுருவாங்க" என்றார். மொத்தம் 25 நிமிடம். மற்ற இரண்டு சிட்டிங் நடக்கவே இல்லை.

சரி, முந்தாநாளுக்கு வருகிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தமே போடவில்லை. எங்கள் நோட்டீஸை அம்மா கையில் கொடுத்து, மூன்றாவது பாராவைப் படிக்கச் சொன்னார். விடுதலைப் பத்திரம் பற்றித் தெரியவந்தது '2012 மார்ச்' என்று அதில் இருந்தது. 2021 என்பதை டைப் அடித்தவர் திருப்பிப் போட்டிருக்கிறார். பிராதில் 2021, வாக்குமூலத்தில் 2021, வில்லங்கச் சான்றிலேயே 2021, நோட்டீஸில் மட்டும் 2012. நான்கு வருடத்தில் நான் உட்பட ஒருவரும் அதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லித்தானேம்மா உங்க வக்கீல் நோட்டீஸ் எழுதினார்?" ஆமாம். "அப்ப அதில இருக்கிறது சரிதானே?" அம்மா பயந்துவிட்டார். "நோட்டீஸ்ல போட்டிருந்தா சரியாத்தான் இருக்கும்." அது அப்படியே பதிவாகிவிட்டது: எனக்கு 2012-ஆம் ஆண்டே பத்திரம் பற்றித் தெரியும் என்றால் சரிதான்.

இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று சாயங்காலம்தான் புரிந்தது. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. 2021-ல் தெரிந்து 2022-ல் போட்டால் வழக்கு நிற்கும். 2012-ல் தெரிந்திருந்தால், எப்போதோ காலாவதி ஆகிவிட்டது என்று அவர்கள் வாதாடுவார்கள்.

அடுத்து அப்பா விஷயம். "உங்களையும் பிள்ளையையும் யார் வைத்துச் சோறு போட்டது? அந்த நன்றிக்குத்தானே மனசார எழுதிக் கொடுத்தீங்க?" இது மாமாவுக்குத் தெரியாத கதையா என்ன? தன் வக்கீலிடம் அழகாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்து வக்கீலுக்குத்தான் அது தெரியாது. அம்மா அழுதார், பதில் வரவில்லை. விசாரணை பாதியில் நிற்கிறது, மீதிக்கு அடுத்த மாதம் தேதி.

வெளியே வந்ததும் வக்கீலிடம், "இப்பவாவது அம்மாவோட உட்காருங்க சார்" என்றேன். "குறுக்கு நடந்துட்டு இருக்கும்போது சாட்சியத்தைப் பத்தி நான் அவங்ககிட்ட பேசக் கூடாதும்மா. முன்னாடியே நடந்திருக்க வேண்டியது" என்றார். குமாஸ்தா சொன்னதை ஞாபகப்படுத்தினேன், வேறு பக்கம் பார்த்தார். குறுக்கு முடிந்த பிறகு, எங்கள் வக்கீலே அம்மாவிடம் திரும்பக் கேள்வி கேட்கும் மறு விசாரணையில் வில்லங்கச் சான்றைக் காட்டி, 2012 தட்டச்சுப் பிழைதான் என்று விளக்கக் கேட்டுப் பார்ப்பாராம். முன்பே பார்த்திருந்தால் நிரூபண வாக்குமூலத்திலேயே ஒரு வரி எழுதித் தீர்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை.

ஆப்புக்காரர்களுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அம்மாவின் சுகரை விசாரித்த அதே குரல். "செஷன் கம்ப்ளீட்னு காட்டுது மேடம்." மற்ற இரண்டு? "பதினைந்து நாளைக்குள்ள நீங்க ஸ்லாட் எடுக்கல." நேரம் கேட்டு நான் அனுப்பிய மெசேஜ் ஏழு இருக்கிறது, ஒன்றுக்கும் பதிலில்லை. 16,500-ல் 11,000-ஆவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். மேலிடத்தில் பேசுகிறேன் என்று வைத்தார். மேலிடத்து ஆள், வக்கீல் சேவைக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று எனக்கே சட்டம் சொன்னார். 2024 மே மாதம் அப்படித் தீர்ப்பு வந்தது உண்மைதான். ஆனால் அது வக்கீல்களுக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வக்கீலா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அதே வருடம் ஜூலையில், வக்கீல் சேவையை ஆன்லைனில் இப்படிச் சரக்கு மாதிரி விற்கக்கூடாது என்று நம் சென்னை ஹைகோர்ட் கண்டித்ததையும் இப்போதுதான் படிக்கிறேன். பணம் கட்டும் முன் படித்திருக்கலாம்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

உங்கள் வழக்கை நடத்தும் வக்கீலிடமே நேரம் வாங்குங்கள். குறுக்கு விசாரணைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாவது, அவர் ஆபீஸில், கதவைச் சாத்தி. குமாஸ்தா பேச்சைக் கேட்டுத் திரும்பாதீர்கள்.

போகும் முன் சாட்சி படிக்க வேண்டியது: நோட்டீஸ், பதில் நோட்டீஸ், பிராது, எதிருரை, நிரூபண வாக்குமூலம், அப்புறம் அதோடு தாக்கல் செய்த ஒவ்வொரு ஆவணமும். கண் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். தேதிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் 2012 அதில் மாட்டியிருக்கும்.

நடக்காததைச் சொல்லச் சொன்னாலும், எல்லாவற்றுக்கும் 'ஞாபகம் இல்லை' சொல்லச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வக்கீலிடம் சொன்னதை அவரோ அவர் குமாஸ்தாவோ வெளியே சொல்லக் கூடாது என்று புதிய சாட்சியச் சட்டம் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆப்புக்கும் புரோக்கருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அந்தக் கட்டு கிடையாது. கூட வரும் சொந்தக்காரரை வெளியே உட்கார வையுங்கள், மகளாக இருந்தாலும். நான் பக்கத்தில் இருந்ததாலும்தான் அம்மா அன்று வாயை மூடினார் என்று இப்போது தோன்றுகிறது.

புது ஆள் என்றால் பார் கவுன்சில் பதிவு எண்ணை முதலில் கேளுங்கள். காகிதங்களை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நான் நேற்று ராத்திரி அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன், அம்மாவின் காகிதமெல்லாம் இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது.