இரண்டு முழம் மல்லி, ஒரு டஜன் கொண்டை ஊசி: வட்ட முகத்துக்கும் நீள முகத்துக்கும்

கொண்டையில் பூ எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதைவிட, நேரே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது எந்த இடத்தில் தெரிகிறது என்பதுதான் முகத்தை மாற்றிக் காட்டும். காதுக்குப் பக்கத்தில் தெரிந்தால் முகம் அகலமாகும், தலைக்கு மேலே தெரிந்தால் நீளமாகும். சரிபார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் உயரத்தில் மாட்டி முன்பக்கம் சாய்ந்திருக்கும் கண்ணாடியை நம்ப வேண்டாம். அது மேலிருந்து பார்ப்பது போல உச்சியைத்தான் காட்டும். கண்ணுக்கு நேரான கண்ணாடியே வேண்டும்.

குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்குக் கிளம்பும் வட்ட முகக்காரர் ஒருவருக்கு நாலு அங்குல அகலக் கொண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஒரு அடிக்குச் சற்று மேல். ஒரு முழம் சுமார் ஒன்றரை அடி. இரண்டு முழம் வாங்கினால் இரண்டு சுற்று வந்து கொஞ்சம் மிஞ்சும். ஆனால் இவருக்கு முழுச் சுற்றே வேண்டாம். கொண்டையை உச்சிக்குச் சற்றுக் கீழே போட்டு, சரத்தை மேல் பாதியில் மட்டும் பிறை போல நாலைந்து வரிசை மடித்து வையுங்கள். காதோரம் வெறுமையாக இருக்கட்டும்.

நீள முகத்துக்கு இதே இரண்டு முழம் போதும். கொண்டை பிடரியில் இறங்க வேண்டும். உச்சியைத் தூக்கிச் சீவக் கூடாது. ஒரு முழத்தைக் கொண்டையின் வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் காது மட்டத்தில் புடைக்க வைத்தால், முன்னாலிருந்து இருபுறமும் அரை அங்குல வெள்ளை தெரியும். அது போதும். கனகாம்பரம் கலந்தால் எடை குறையும், ஆனால் இந்தப் புடைப்பு வராது.

பூ சரிவது பெரும்பாலும் ஊசி குத்தும் விதத்தால்தான். ஊசி பூவில் குத்தினால் மொட்டு பழுப்பேறும். இரண்டு பூக்கொத்துக்கு நடுவே நாரின் மேல் குறுக்காக வர வேண்டும். முதலில் வெளிப்பக்கம் பார்த்துக் கொஞ்சம் கொண்டை முடியை அள்ளி, அப்படியே திருப்பி நடுப்பக்கமாகத் தள்ளினால்தான் பிடிக்கும். மூன்று அங்குலத்துக்கு ஒன்று வீதம் ஒரு டஜன் போதும். காலை வாங்கிய மொட்டு மாலையில் விரியும் என்பதால் சரத்தை இறுக்கிக் கட்டாதீர்கள். தண்ணீர் தெளித்தால் உதறிவிட்டே வையுங்கள், ஈர எடை கொண்டையையே இழுத்துவிடும்.

நாள்பட்ட பயன்பாட்டில் முதலில் கெடுவது சைடு பின்னின் முனைக் குமிழ். குமிழ் உதிர்ந்த ஊசி முடியை அறுக்கும், எடுத்தெறியுங்கள். நெளிந்த பக்கம் தலையைத் தொட்டபடி செருகினால் நழுவாது, பலரும் தலைகீழாகத்தான் செருகுகிறார்கள். கொண்டைக்குள் வைக்கும் வலைப்பின்னல் டோனட் பல வருடம் உழைக்கும். முடி நிறத்தில் இல்லாவிட்டால் இடைவெளியில் எட்டிப் பார்க்கும். பிளாஸ்டிக் கவ்வு கிளிப்பின் ஸ்பிரிங் பூ எடைக்குத் தளர்ந்துவிடுகிறது. வீட்டில் முடியைத் தூக்கிக் கட்ட மட்டும் அது சரி.